வார்ஃபரினும் ஐ.என்.ஆர். அளவீடும்: ஒரு வரலாறு

வார்ஃபரின் என்பது குருதி உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், கால் சிரைகளில் குருதிக்கட்டி ஏற்பட்டவர்கள், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உடையவர்கள் எனப் பலர் இதை ஆண்டுக்கணக்கில் உட்கொள்கின்றனர். அளவு குறைந்தால் குருதிக்கட்டி உருவாகி மூளைக்கோ நுரையீரலுக்கோ செல்லலாம். அளவு மிகுந்தால் மூளையிலோ குடலிலோ குருதி கசியலாம். இந்த இரு ஆபத்துகளுக்கும் இடையிலுள்ள வழி மிகக் குறுகலானது. ஒருவருக்குப் போதுமான அளவு மற்றொருவருக்கு நஞ்சாகிவிடும். அதனால் இந்த மருந்தின் வரலாறு, அதன் விளைவை அளக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவும் இருக்கிறது. அந்த அளவீடே ஐ.என்.ஆர். எனப்படுகிறது. அளவீடே தேவைப்படாத புதிய மருந்துகள் 2008 முதல் வந்துள்ளன. ஆயினும் வார்ஃபரின் மறையவில்லை.

தீவனத்தில் இருந்த நஞ்சு

1920களின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா பகுதியிலும் மாடுகள் விளங்காத நோயால் இறந்தன. கொம்பு நீக்குதல், காயடித்தல் போன்ற சிறிய அறுவைகளுக்குப் பின் குருதி நிற்காமல் வடிந்தது. சில மாடுகள் காயம் ஏதுமின்றியே உடலுக்குள் குருதி கசிந்து இறந்தன. இது தொற்றுநோய் என்றே முதலில் கருதப்பட்டது.

ஒன்றாரியோ கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் நோயின் மூலம் தீவனத்தில் இருப்பதைக் கண்டார். இறந்த மாடுகள் ஸ்வீட் க்ளோவர் எனும் பயறுவகைத் தீவனப்பயிரின் வைக்கோலைத் தின்றிருந்தன. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த வைக்கோலே தீங்கு செய்தது. ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் பிரித்து அவர் முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் நலமாக இருந்தது. கெட்டதைத் தின்றது குருதி கசிந்து இறந்தது. பின்னர் வடக்கு டகோட்டாவில் லீ ராடரிக் என்பவர், நோயுற்ற மாடுகளின் குருதியில் புரோத்திராம்பின் எனும் உறைபொருள் குறைந்திருப்பதைக் காட்டினார். தீவனத்தை மாற்றி, நலமான மாட்டின் குருதியை ஏற்றினால் நோயுற்ற மாடு பிழைத்தது.

காரணம் தெரிந்தும் பஞ்ச காலத்தில் அது பயன்படவில்லை. வேறு தீவனம் வாங்கப் பணமில்லாத உழவர்கள் கெட்ட வைக்கோலையே போட்டனர். 1933 பிப்ரவரியில் எட் கார்ல்சன் என்ற விஸ்கான்சின் உழவர் கடும் பனிப்புயலில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டியோட்டி மேடிசன் நகருக்கு வந்தார். இறந்த கிடாரிக் கன்று, உறையாத குருதி நிறைந்த பால்கேன், ஒரு கட்டு வைக்கோல் ஆகியவை அவரிடம் இருந்தன. கால்நடை அலுவலகம் மூடியிருந்ததால், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருந்த கார்ல் பால் லிங்க் என்பவரிடம் வந்து சேர்ந்தார். தீவனத்தை மாற்றுங்கள் என்பதைத் தவிர லிங்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்த ஆறாண்டுகள் அவருடைய குழு அந்த நஞ்சைத் தேடியது.

1939இல் குழுவைச் சேர்ந்த ஹெரால்ட் கேம்பெல் நஞ்சைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பு 1940இல் தெளிவாயிற்று. புதிதாக வெட்டிய புல்லுக்கு மணம் தரும் கூமரின் தன்னளவில் குருதியைப் பாதிப்பதில்லை. பூஞ்சை அதை மாற்றி, இரண்டு மூலக்கூறுகளை ஒன்றாகப் பிணைக்கும்போது டைகூமரால் எனும் நஞ்சு உருவாகிறது. குருதிக்கட்டியைத் தடுக்க வாய்வழி மருந்து தேவைப்பட்ட காலம் அது. 1941 முதலே மருத்துவர்கள் டைகூமராலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர்.

எலிமருந்து மாத்திரையான கதை

டைகூமரால் மெதுவாகவே வேலை செய்தது. லிங்கின் ஆய்வகம் அதைப் போன்ற ஏறத்தாழ 150 சேர்மங்களை உருவாக்கி வரிசையெண் இட்டு வைத்தது. 1945இல் காசநோய்க்காக ஓய்வில் இருந்தபோது லிங்க் எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்தார். மெதுவாகக் குருதி கசிய வைக்கும் பொருள் நல்ல எலிமருந்தாகும் என்று அவருக்குத் தோன்றியது. உடனே கொல்லாததால் எலிகள் இரையைச் சந்தேகிக்காது. பட்டியலில் 42ஆவது சேர்மம் இதற்குப் பொருந்தியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளான WARF என்பதோடு கூமரினின் கடைசி அசைகளைச் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயரிட்டனர். 1948இல் அது எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது.

எலிமருந்தை மனிதருக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினர். 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்திருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணி அதை உட்கொண்டார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்ததும் முழுமையாகக் குணமடைந்தார். மனித உடல் இம்மருந்தைத் தாங்கும், அதன் விளைவை மாற்றவும் முடியும் என்பதற்கு இது சான்றாக அமைந்தது. 1954இல் வார்ஃபரின் மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. 1955இல் மாரடைப்பு ஏற்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டபின் பெயரும் பரவியது.

உடலில் செய்யும் வேலை

கல்லீரல் பல உறைகாரணிகளை உருவாக்குகிறது. அவற்றில் 2, 7, 9, 10 ஆகிய எண்ணுடைய நான்கும் வைட்டமின் கே இல்லாமல் முழுமை பெறுவதில்லை. ஒவ்வொரு முறை பயன்பட்டதும் அந்த வைட்டமின் செயலிழந்த வடிவத்துக்கு மாறுகிறது. அதைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்த ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. அதாவது அது குருதியை நேரடியாக நீர்க்கச் செய்வதில்லை. உறைகாரணிகள் உருவாகும் பட்டறைக்கு மூலப்பொருள் வராமல் செய்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. மாத்திரை விழுங்கும்போது ஏற்கெனவே குருதியில் ஓடிக்கொண்டிருக்கும் காரணிகள் அப்படியே இருக்கும். அவை தேய்ந்து தீரும் வரை முழுப்பயன் கிடைக்காது. 7ஆம் காரணி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பாதியாகிறது. 2ஆம் காரணியான புரோத்திராம்பின் பாதியாக ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகிறது. எனவே இரண்டாம் மூன்றாம் நாளில் பரிசோதனை நன்றாகத் தோன்றினாலும் நோயாளி இன்னும் பாதுகாப்பில் இல்லை. குருதிக்கட்டி உள்ளவர்களுக்கு வார்ஃபரினோடு குறைந்தது ஐந்து நாள் ஹெப்பாரின் ஊசியும் போடுவது இதனால்தான். இன்று மாற்றும் அளவு இரண்டு மூன்று நாள் கழித்தே பரிசோதனையில் தெரியும் என்பதற்கும் காரணம் இதுவே. இந்தியாவில் பரவலாகக் கொடுக்கப்படும் அசினோகூமரால் இதே வகையைச் சேர்ந்தது. உடலைவிட்டு அது விரைவில் நீங்கும் என்றாலும் வேலை செய்யும் முறை ஒன்றே.

ஒரே குருதி, இரண்டு விடைகள்

மருந்தின் விளைவை அளக்கும் முறை மருந்துக்கு முன்பே வந்துவிட்டது. 1935இல் ஆர்மண்ட் குவிக் என்ற அமெரிக்க மருத்துவர் புரோத்திராம்பின் நேரம் எனும் பரிசோதனையை வெளியிட்டார். குருதியிலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் திராம்போபிளாஸ்டின் எனும் திசுச்சாற்றையும் கால்சியத்தையும் சேர்த்து, எத்தனை நொடிகளில் உறைகிறது என்று பார்ப்பார்கள். நலமானவருக்கு இது ஏறத்தாழ 12 நொடி. வார்ஃபரின் எடுப்பவருக்கு 20 நொடி, 25 நொடி என நீளும்.

சிக்கல் அந்தத் திசுச்சாற்றில் இருந்தது. பிரிட்டனில் மனித மூளைத் திசுவிலிருந்தும், அமெரிக்காவில் பெரும்பாலும் முயல் திசுவிலிருந்தும் அது எடுக்கப்பட்டது. முயல் சாறு வார்ஃபரினின் விளைவுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை. உறைகாரணிகள் வெகுவாகக் குறைந்தபின்பும் அதில் நொடிகள் சிறிதே நீண்டன. நலமானவரின் நேரத்தைப் போல இரு மடங்கு வர வேண்டும் என்பது இரு நாட்டிலும் எழுதப்பட்ட விதி. அந்த இரு மடங்கை எட்ட அமெரிக்க மருத்துவர் மிகுதியான மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் பிரிட்டன் நோயாளியைவிட அமெரிக்க நோயாளிக்குக் குருதிக் கசிவு ஆபத்து கூடியது. எவரும் தவறு செய்யவில்லை. ஒரே எண் இரண்டு இடங்களில் இரண்டு பொருளைத் தந்தது.

மான்செஸ்டரைச் சேர்ந்த லியோன் போலர் ஒரே தரமுள்ள சாற்றைப் பிரிட்டன் முழுவதும் வழங்கி இதைச் சரிசெய்ய முயன்றார். 1982இல் கனடாவின் ரஸ்ஸல் ஹல், ஜாக் ஹிர்ஷ் ஆகியோரின் குழு கால் குருதிக்கட்டி உள்ள 96 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. வழக்கமான வட அமெரிக்க அளவு பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்குக் குருதிக் கசிவு ஏற்பட்டது. மான்செஸ்டர் சாற்றை வைத்துக் குறைந்த அளவு கொடுக்கப்பட்டவர்களில் அது 4 விழுக்காடுதான். கட்டி மீண்டும் வருவது இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது.

1983இல் உலக நலவாழ்வு அமைப்பு ஒரு தீர்வை ஏற்றது. புள்ளியியல் அறிஞர் டாம் கெர்க்வுட் அதன் கணிதத்தை வகுத்தவர். ஒவ்வொரு சாற்றையும் பன்னாட்டு ஒப்பீட்டுச் சாற்றோடு ஒப்பிட்டு, அதன் உணர்திறனைக் குறிக்கும் ஓர் எண் தரப்படும். அதுவே ஐ.எஸ்.ஐ. பிறகு ஆய்வகம் இந்தக் கணக்கைச் செய்கிறது:

```
INR = (நோயாளியின் PT / நலமானவர் சராசரி PT) ^ ISI
```

ஒரு நோயாளியின் நேரம் 24 நொடி, சராசரி 12 நொடி என்று கொள்வோம். விகிதம் 2. சாற்றின் ஐ.எஸ்.ஐ. 1.0 ஆனால் ஐ.என்.ஆர். 2.0, இது பெரும்பாலானவர்களுக்குப் போதுமான நிலை. சாற்றின் ஐ.எஸ்.ஐ. 2.0 ஆக இருந்தால் அதே 24 நொடிக்கு விடை 4.0, மருந்தைக் குறைக்க வேண்டிய நிலை. நொடிகளை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, கால் குருதிக்கட்டி ஆகியவற்றுக்கு இலக்கு 2.0 முதல் 3.0 வரை. மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. தொடக்கத்தில் சில நாள்களுக்கு ஒருமுறையும், நிலைபெற்றபின் மாதம் ஒருமுறை அளவிலும் பரிசோதனை நடக்கும். எண் சற்று விலகினால் மருத்துவர் ஒரு வாரத்தின் மொத்த அளவைக் கணக்கிட்டு அதில் 5 முதல் 20 விழுக்காடு வரை கூட்டுவார் அல்லது குறைப்பார். ஒரு நாள் எண்ணைக் கண்டு பெரிதாக மாற்றினால் அடுத்த முறை எண் எதிர்ப்பக்கம் தாவிவிடும்.

கீரையும் வைட்டமின் கேயும்

வார்ஃபரின் வைட்டமின் கேயோடு மோதும் மருந்து. அந்த வைட்டமின் பச்சைக் கீரைகளில் மிகுதி. 100 கிராம் வெந்த பசலைக்கீரையில் ஏறத்தாழ 500 மைக்ரோகிராம் உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்கு வேண்டியது 90 முதல் 120 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு வாரம் நாள்தோறும் கீரை சாப்பிட்டு, அடுத்த வாரம் ஒன்றும் சாப்பிடாதவரின் ஐ.என்.ஆர். முதல் வாரம் இறங்கி அடுத்த வாரம் ஏறும்.

இதைக் கேட்ட பலர் கீரையை அறவே விட்டுவிடுகின்றனர். இது சிக்கலைக் கூட்டவே செய்யும். உடலில் சேமிப்பு குறைந்தவருக்கு, ஒரு விருந்தில் உண்ட ஒரு கரண்டிக் கீரையும் பெரிய மாற்றமாகும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாமல் ஐ.என்.ஆர். ஏறி இறங்கிய நோயாளிகளுக்கு நாள்தோறும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தனர். அவர்களின் எண் முன்னைவிட நிலையாயிற்று. உண்பதை ஒரே சீராக உண்ண வேண்டும் என்பதே விதி. வாரம் இருமுறை முருங்கைக்கீரை உண்பவர் அதைத் தொடரலாம். அவர் வழக்கத்துக்கு ஏற்ற மாத்திரை அளவை மருத்துவர் கண்டுகொள்வார். தாளிப்பில் போடும் நான்கு கறிவேப்பிலையால் மாற்றம் வராது. கீரைச்சாறு குடிக்கத் தொடங்குவது, நீண்ட நோன்பு, வயிற்றுப்போக்கு, பசியின்றிப் பல நாள் உண்ணாமை ஆகியவையே எண்ணை அசைப்பவை.

பிற மருந்துகள்: ஒரு கணக்கு

உணவைவிடப் பிற மருந்துகளால் வரும் மாற்றம் பெரியது. வார்ஃபரின் கல்லீரலில் ஒரு குறிப்பிட்ட நொதியால் சிதைக்கப்படுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து வந்தால் வார்ஃபரின் தேங்கும், ஐ.என்.ஆர். ஏறும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல், வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோல், இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோன் ஆகியவை இவ்வகை. அந்த நொதியைப் பெருக்கும் மருந்து வந்தால் வார்ஃபரின் விரைவில் கரையும், எண் இறங்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இவ்வகையில் மிக வலியது.

கற்பனையான ஒரு நோயாளியை வைத்து இதைப் பார்க்கலாம். 45 வயதுப் பெண், மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு. நாள்தோறும் 5 மில்லிகிராம் வார்ஃபரினில் அவருடைய எண் 3.0 என நிலையாக இருக்கிறது. அவருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டு ரிஃபாம்பிசின் தொடங்குகிறது. இரண்டு வாரத்தில் எண் 1.6. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதபோதும் வால்வில் கட்டி பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். வால்வின் டிக் ஒலி மங்குவது, திடீர் மூச்சுத்திணறல், கை காலில் பலவீனம் ஆகியவை கட்டி பிடித்ததன் அறிகுறிகள். மருத்துவர் ஹெப்பாரின் ஊசியைச் சேர்த்து, வாரந்தோறும் எண்ணைப் பார்த்து மாத்திரையை 7, 10, 12 மில்லிகிராம் என உயர்த்துகிறார். ஆறாம் வாரம் எண் 2.9.

பெரிய ஆபத்து ஆறு மாதம் கழித்தே வருகிறது. காசநோய் மருந்து முடிகிறது. நோயாளி நலமாக உணர்கிறார். பெருகிய நொதி இரண்டு மூன்று வாரங்களில் பழைய அளவுக்குக் குறைகிறது. இப்போது அதே 12 மில்லிகிராம் அவருக்கு மிகப் பெரிய அளவு. பரிசோதிக்காமல் விட்டால் எண் 4, 6, 8 என ஏறும். ஈறில் குருதி, தானாகத் தோன்றும் நீலத் தழும்புகள், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், கடும் தலைவலி ஆகியவை அப்போது தெரியும் அடையாளங்கள். மருந்து முடியும் நாளிலிருந்து வாரந்தோறும் எண்ணைப் பார்த்துப் படிப்படியாக 5 மில்லிகிராமுக்குத் திரும்பினால் இது நேராது. ஒரு மருந்தைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் பரிசோதனை வேண்டும் என்பதே இக்கணக்கின் பாடம்.

ஐ.என்.ஆர். காட்டாத ஆபத்தும் உண்டு. ஆஸ்பிரின், டைகுளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்கி, குருதித் தட்டுகளின் வேலையையும் கெடுக்கின்றன. எண் 2.5 என்று நன்றாக இருக்கும்போதே வயிற்றில் குருதி கசியலாம். வலிக்குப் பாராசிட்டமால் இவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதையும் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் பல நாள் எடுத்தால் எண் ஏறும்.

எண் 10க்குக் கீழ் ஏறி, கசிவு இல்லையென்றால் பொதுவாக ஓரிரு வேளை மாத்திரையை நிறுத்திவைத்து மீண்டும் பரிசோதிப்பார்கள். 10ஐத் தாண்டினால் வைட்டமின் கே வாய்வழி தரப்படும். உயிருக்கு ஆபத்தான கசிவில் வைட்டமின் கே ஊசியோடு உறைகாரணிகளின் செறிவும் ஏற்றப்படும். 1951இல் பயன்பட்ட அதே முறிமருந்துதான் இன்றும்.

அளக்க வேண்டாத மருந்துகள்

இத்தனை தொல்லைக்கு மாற்றாக, ஒரே ஓர் உறைகாரணியை நேரடியாகத் தடுக்கும் மருந்தைத் தேடினர். முதலில் வந்த சைமெலகாட்ரான் கல்லீரலைக் கெடுத்ததால் 2006இல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த டாபிகாட்ரான் 2008இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. அது திராம்பினைத் தடுக்கிறது. ரிவரோக்சபன், அபிக்சபன், எடோக்சபன் ஆகிய மூன்றும் செயல்நிலைக்கு வந்த 10ஆம் காரணியைத் தடுக்கின்றன. சில மணி நேரத்தில் வேலை தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் பெரும்பகுதி தணிந்துவிடும். அளவு நிலையானது. கீரைக் கணக்கு இல்லை. மாதாந்திரப் பரிசோதனை இல்லை.

ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களிடம் இவை நன்றாகச் சோதிக்கப்பட்டன. 2011இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில் 18,201 பேர் இருந்தனர். ஓராண்டில் பெரும் கசிவு ஏற்பட்டவர்கள் வார்ஃபரின் பிரிவில் 3.09 விழுக்காடு, அபிக்சபன் பிரிவில் 2.13 விழுக்காடு. பக்கவாதமும் குறைந்தது. நான்கு மருந்துகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில், மண்டைக்குள் குருதிக் கசிவு வார்ஃபரினோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ பாதியாக இருந்தது. வார்ஃபரினின் மிகக் கொடிய விளைவு அதுதான். மறுபுறம், இரைப்பை குடல் கசிவு இவற்றில் சில மருந்துகளுக்குக் கூடுதலாக இருந்தது.

அளவீடு நீங்கியதற்கு விலையும் உண்டு. வார்ஃபரினில் இரண்டு நாள் மாத்திரை தவறினால் அடுத்த பரிசோதனை அதைக் காட்டிவிடும். புதிய மருந்தில் ஒரு நாள் தவறினாலே காப்பு நீங்கிவிடும், அதைச் சொல்ல எண் இல்லை. டாபிகாட்ரானின் ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானால் மருந்து தேங்கும். எனவே ஐ.என்.ஆருக்குப் பதில் கிரியேட்டினின் பரிசோதனையைக் காலமுறைப்படி செய்ய வேண்டும். மேலே சொன்ன ரிஃபாம்பிசின் இந்த நான்கு மருந்துகளின் அளவையும் குருதியில் வெகுவாகக் குறைக்கும். வார்ஃபரினில் எண்ணைப் பார்த்து அளவை உயர்த்தியதுபோல் இங்கே செய்ய வழியில்லை. இரண்டையும் சேர்த்துத் தருவதையே தவிர்க்கச் சொல்வர். முறிமருந்துகள் 2015 முதல் வந்தன. அவை விலை மிக்கவை.

வார்ஃபரின் நின்ற இடம்

புதிய மருந்துகள் தோற்ற இடங்கள் உண்டு. இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ரீ-அலைன் ஆய்வு 252 பேரோடு நிறுத்தப்பட்டது. 2013இல் வெளியான முடிவில் டாபிகாட்ரான் பிரிவில் 5 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. வார்ஃபரின் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. கசிவும் டாபிகாட்ரான் பிரிவிலேயே மிகுதி. வால்வின் செயற்கைப் பரப்பு உறைதலைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருப்பதும், அங்கு உருவாகும் மிகுதியான திராம்பினை ஒரே காரணியைத் தடுக்கும் மருந்து சமாளிக்க முடியாததும் இதற்கான விளக்கமாகக் கூறப்படுகின்றன. வார்ஃபரினோ நான்கு காரணிகளின் உற்பத்தியை ஒருசேரக் குறைக்கிறது.

இரண்டாவது இடம் இந்தியாவுக்கு நெருக்கமானது. சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். மேலைநாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் உண்டு. பெரிய ஆய்வுகள் இத்தகைய நோயாளிகளைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. இவர்களுக்கெனவே 24 நாடுகளில், இந்தியா உட்பட, இன்விக்டஸ் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 4,500 பேர், சராசரி வயது 50 அளவில், பெரும்பான்மையினர் பெண்கள். ரிவரோக்சபன் வார்ஃபரின் வகைக்குக் குறையாது என்றே எதிர்பார்த்தனர். 2022இல் வந்த முடிவு வேறாக இருந்தது. வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களில் இறப்பு குறைவு, கசிவும் மிகவில்லை. இத்தனைக்கும் ஆய்வின் தொடக்கத்தில் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் எண்தான் இலக்குக்குள் இருந்தது. பிறகு அது 56 முதல் 65 விழுக்காடு வரை உயர்ந்தது. இறப்பில் இருந்த வேறுபாடு பெரும்பாலும் திடீர் மரணத்திலும் இதயச் செயலிழப்பிலுமே தெரிந்தது. இதன் காரணம் குறித்து விவாதம் தொடர்கிறது.

எனவே இன்றைய தேர்வு நோயைப் பொறுத்தது. வால்வு நோய் இல்லாத ஒழுங்கற்ற துடிப்புக்கும் கால் குருதிக்கட்டிக்கும் புதிய மருந்துகளே முதலில் கருதப்படுகின்றன. இயந்திர வால்வுக்கும், ருமாட்டிக் நோயால் சுருங்கிய மைட்ரல் வால்வுக்கும் வார்ஃபரின் வகையே தரப்படுகிறது. கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெற எண்ணும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாற்றுவழி வகுக்க வேண்டும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலில் பொருத்திய சித்ரா வால்வு போன்ற இயந்திர வால்வுகளோடு வாழ்பவர்கள் இந்தியாவில் பலர். அவர்களின் மருந்துப் பையில் ஐ.என்.ஆர். எண்களைத் தேதியோடு எழுதிய குறிப்பேடு ஒன்று இருக்கும். புதிய மருத்துவர் எவரிடம் சென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும், மாத்திரைச் சீட்டுக்கு முன் காட்ட வேண்டியது அந்தக் குறிப்பேட்டையே.